நாயும் அடுப்பும்: வாடகை ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய இரண்டு விதிகள்

தமிழ்நாட்டில் எழுதப்படும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் செல்லப்பிராணியைப் பற்றி ஒரு வரி இருக்கும்: “நாய், பூனை வளர்க்கக் கூடாது.” தொழிலைப் பற்றியும் ஒரு வரி இருக்கும்: “வீட்டைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.” பத்திரம் எழுதுபவர் தம்மிடம் உள்ள பழைய படிவத்தைப் பார்த்து அடித்துக் கொடுக்க, இரு தரப்பும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மேல்மாடியில் நாய் குரைக்கும். வீட்டம்மா ஆர்டர் எடுத்து கேக் செய்துகொண்டிருப்பார். உரிமையாளருக்கும் அது தெரியும். ஆனாலும் மாதாமாதம் வாடகையை வாங்கிக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில் அந்த இரண்டு வரிகளும் யாருக்கும் உதவுவதில்லை. தெரிந்தே பல மாதம் வாடகை வாங்கியதால் உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்று வாடகைதாரர் வாதிடலாம். கதவு கீறப்பட்டாலோ குழாய் அடைத்துக்கொண்டாலோ அதற்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இருக்காது. தடையை மட்டும் எழுதி, பொறுப்பை எழுதாமல் விடுவதுதான் இத்தகைய ஒப்பந்தங்களின் குறை. அளந்து கொடுத்த அனுமதி, முழுத் தடையைவிட வீட்டை நன்றாகக் காக்கும்.

சட்டம் ஏற்கெனவே சொல்வது

விதி எழுதுவதற்கு முன், ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் எவை செல்லும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு வாடகைதாரருக்கு இரண்டு கடமைகளை விதிக்கிறது. வீட்டை எந்த நிலையில் பெற்றாரோ அந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட நோக்கத்துக்கு மாறாக வீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பது இரண்டாவது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதை இன்னும் விரிவாக்குகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்தபின் உரிய கழிவுகள் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். ஆனால் அதை நிறுத்தும்படி முதலில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். சொத்துக்குச் சேதம் விளைவிப்பதும் பொதுத் தொல்லை தருவதும் தவறான பயன்பாட்டில் அடங்கும்.

சில வரிகளை ஒப்பந்தத்தில் எழுதினாலும் பயனில்லை. “நாய் குரைத்தால் தண்ணீரை நிறுத்துவோம்” என்று எழுத முடியாது. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளைத் தடுப்பதை அதே சட்டம் விலக்குகிறது. “விதியை மீறினால் 50,000 ரூபாய் அபராதம்” என்ற வரியும் அப்படியே வசூலாகாது. ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்புதான் என்றும், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்றும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே மிரட்டும் தொகையைவிட, சேதத்தைக் கணக்கிடும் முறையை எழுதுவதே பலன் தரும்.

நல்ல விதியின் நான்கு உறுப்புகள்

செல்லப்பிராணி விதியானாலும் தொழில் விதியானாலும் நான்கு கேள்விகளுக்கு அது விடை சொல்ல வேண்டும். எதற்கு அனுமதி? எந்த எல்லை வரை? எல்லையைக் கடந்தது எப்படித் தெரியும்? கடந்தால் என்ன நடக்கும்? “அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக் கூடாது” என்ற வரியில் முதல் மூன்றுக்கும் விடை இல்லை. “இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நாயை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ விடக் கூடாது” என்று எழுதினால், மீறினாரா இல்லையா என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதை ஒரு கற்பனை வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். சென்னை வளசரவாக்கத்தில் ஒரு தனி வீடு. கீழே உரிமையாளர் இருக்கிறார். மேலே இரண்டு படுக்கையறைகள் கொண்ட பகுதி வாடகைக்குப் போகிறது. வாடகை மாதம் 20,000 ரூபாய், முன்பணம் 60,000. வருகிற குடும்பத்தில் ஒரு லேப்ரடார் நாய் உண்டு. மனைவி வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்கிறார். இரண்டையும் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

செல்லப்பிராணி விதி

முதலில், அனுமதி எந்த விலங்குக்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். “செல்லப்பிராணி வளர்க்கலாம்” என்று பொதுவாக எழுதினால் இன்று ஒரு நாய், நாளை இரண்டு பூனை, அடுத்த ஆண்டு சுவரோரம் பெரிய மீன்தொட்டி என்று விரியும். மீன்தொட்டியால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 250 கிலோ இருக்கும். அது உடைந்தால் நனைவது கீழ்வீட்டுக் கூரை. ஆகவே விதி இப்படி அமையலாம்:

“வாடகைதாரர் தம்மிடம் உள்ள, மஞ்சள் நிற, மூன்று வயதுப் பெண் லேப்ரடார் நாய் ஒன்றை மட்டும் வீட்டில் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். நாயின் படமும், மாநகராட்சி உரிமத்தின் நகலும், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் இணைப்பு 1-இல் உள்ளன. தடுப்பூசியும் உரிமமும் புதுப்பிக்கப்படும்போது நகலை உரிமையாளரிடம் தர வேண்டும். வேறு விலங்கு, பறவை, மீன்தொட்டி எதையும் வைக்க எழுத்துச் சம்மதம் தேவை. குட்டிகள் பிறந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும்.”

இதோடு இன்னொரு வரியும் நம் ஊருக்குத் தேவை: “சட்டம் தடைசெய்த உயிரினம் எதையும் வைத்திருக்கக் கூடாது.” கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. வனத்துறையினர் சோதனைக்கு வரும்போது வீட்டு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது, வீட்டின் எந்தப் பகுதி கெடும் என்பதை வைத்து எழுதும் நிபந்தனை. நாய் முதலில் கீறுவது வாசல் கதவின் கீழ்ப்பகுதியையும் கொசுவலைக் கதவையும். சிறுநீர் பளிங்குத் தரையில் கறை பிடிக்கும்; டைல்ஸ் தரையில் இடுக்குகளில் ஊறி, மழைக்காலத்தில் நாற்றமாக எழும். கழுவிவிடும் முடி குளியலறைக் குழாயை அடைக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். கதவின் உட்புறத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குத் தகடோ பிளாஸ்டிக் விரிப்போ ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்தச் செலவு வாடகைதாரருடையது. குளியலறை வடிகாலில் சல்லடை போட வேண்டும். மொட்டை மாடியை நாயின் கழிப்பிடமாக்கக் கூடாது. தெருவிலோ படிக்கட்டிலோ நாய் அசுத்தம் செய்தால் உடனே அள்ளிவிட வேண்டும்.

ஒரு நிபந்தனையை எழுதவே கூடாது. “நாயை எப்போதும் கட்டியே வைக்க வேண்டும்” என்று சில உரிமையாளர்கள் கேட்பார்கள். நாயை நடமாட விடாமல் வழக்கமாகவே கட்டிப்போட்டு வைப்பதை, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வதையாகக் கருதுகிறது. “பொது வழியிலும் படியிலும் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும்” என்று எழுதினால் உரிமையாளரின் கவலையும் தீரும், சட்டமும் மீறப்படாது.

அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கத்தின் விதியும் குறுக்கே வரும். செல்லப்பிராணிகளை அடியோடு தடைசெய்யவோ லிஃப்டில் ஏற்ற மறுக்கவோ குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானம் போடக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது சங்கங்களை நோக்கிச் சொன்னது. தம் வீட்டை யாருக்கு என்ன நிபந்தனையில் விடுவது என்பது உரிமையாளரின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. ஆகவே “சங்கம் அனுமதிக்கிறது” என்பது உரிமையாளரின் சம்மதத்துக்கு மாற்றாகாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டுத் தொழில் விதி

வீட்டிலிருந்து செய்யும் தொழில்கள் ஒரே வகையாக இல்லை. மடிக்கணினியில் கணக்கு எழுதுபவரால் வீட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. டியூஷன் என்றால் மாலையில் இருபது செருப்புகள் படிக்கட்டில் கிடக்கும். தையலில் மோட்டாரின் அதிர்வும் ஓசையும் உண்டு. அழகு நிலையத்தில் சாயமும் தண்ணீரும் போகும். சமையல் தொழிலில் நெருப்பு, எண்ணெய்ப் புகை, எலி, கரப்பான் எல்லாம் சேர்ந்து வரும். தொழிலின் பெயரைவிட, எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, வடிகாலில் என்ன போகிறது, எது தீப்பிடிக்கும் என்ற நான்கையும் பார்த்து விதி எழுத வேண்டும். கேக் தொழிலுக்கு அது இப்படி அமையும்:

“வீட்டின் முதன்மைப் பயன்பாடு குடியிருப்பே. அதற்குத் துணையாக, வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தினர் மட்டும் முன்கூட்டியே வந்த ஆர்டரின் பேரில் கேக் செய்து கொடுக்கலாம். வெளியாட்களை வேலைக்கு வைப்பதும், பெயர்ப்பலகை மாட்டுவதும், வீட்டிலேயே கடைபோல் விற்பதும் கூடாது. கேக்கை வாங்கிச் செல்பவர்கள் காலை 9 முதல் இரவு 8 மணிக்குள் வர வேண்டும். வண்டியை வாயிலை மறித்து நிறுத்தக் கூடாது. சமையலறை தவிர வேறு அறையில் அடுப்போ ஓவனோ வைக்கக் கூடாது.”

இதன் பின் வீட்டைக் காக்கும் நிபந்தனைகள் வரும். ஓவனைத் தனிக் கம்பியுடன் கூடிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். மிக்ஸிக்கான 6 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 1,400 வாட்டைத்தான் தாங்கும்; 2,000 வாட் ஓவனை அதில் செருகினால் முதலில் பிளக் சூடாகும், பின் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். சுவிட்சைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தால், சுமை கூடிவிட்டது என்று பொருள். தனி இணைப்பு போடும் செலவு யாருடையது, காலி செய்யும்போது அதைக் கழற்றுவதா விடுவதா என்பதையும் எழுதிவிட வேண்டும். வெண்ணெயும் எண்ணெயும் படிந்த பாத்திரத்தைத் துடைத்தபின்தான் தொட்டியில் கழுவ வேண்டும். அடைப்பு நீக்கும் செலவு வாடகைதாரருடையது. சிவப்பு நிற வீட்டு எரிவாயு உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிமீறல் என்பதால், தொழிலுக்கு வணிக உருளையே வேண்டும். சமையலறையில் அதை எங்கே வைப்பது, எத்தனை வைக்கலாம் என்பதும் விதியில் இருக்கட்டும்.

மின் இணைப்பும் முகவரியும்

உரிமையாளர்கள் கவனிக்கத் தவறும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று மின்கட்டணம். வீட்டு இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். தொழிலுக்கான கட்டணம் வேறு. இணைப்பு கொடுத்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. மதிப்பீடு உரிய கட்டணத்தைப்போல் இருமடங்காக வரும். அனுமதியற்ற பயன்பாடு எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். பயன் பெற்றவர் மீதும் மதிப்பீடு செய்யலாம் என்றாலும், நிலுவை அந்த இணைப்பில் நிற்கும்போது அலைவது உரிமையாளர்தான். ஆகவே தொழில் தொடங்கும் முன் வாடகைதாரர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலின் நகலை உரிமையாளருக்குத் தர வேண்டும். தொழிலால் கூடும் கட்டணமும் மதிப்பீடும் வாடகைதாரரைச் சேரும் என்று எழுத வேண்டும். வணிகப் பயன்பாடு என்று மாநகராட்சி கருதிச் சொத்துவரியைக் கூட்டினால், அந்தக் கூடுதலுக்கும் இதே வரி பொருந்தும்படி அமைக்கலாம்.

இன்னொன்று முகவரி. உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படலாம். இரண்டிலும் இடத்தின் முகவரி பதிவாகும், அதற்காக உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் கேட்பார்கள். தேதியும் முடிவும் இல்லாத கடிதம் கொடுத்துவிட்டால், குடும்பம் காலி செய்து போனபின்னும் அறிவிப்புகள் அந்த வீட்டுக்கே வரும். அடுத்து வரும் வாடகைதாரர் அதே முகவரியில் பதிவு கேட்கும்போதும் சிக்கலாகும். “இந்தச் சம்மதம் வாடகைக் காலம் வரை மட்டுமே செல்லும், காலி செய்த 30 நாளுக்குள் எல்லாப் பதிவுகளிலும் முகவரியை மாற்றி அல்லது பதிவை ரத்து செய்து, ஆதாரம் தர வேண்டும்” என்ற வரியை ஒப்பந்தத்திலும் கடிதத்திலும் சேர்ப்பதே வழி.

சேதத்தைக் கணக்கிடுவது

அனுமதி கொடுத்தபின் எஞ்சுவது, கெட்டதற்கு யார் எவ்வளவு என்பது. இதற்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். முதல் இணைப்பு, குடிபுகும் நாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட நிலைப்பட்டியல்: அறை வாரியாகக் கதவு, தரை, சுவர், குழாய், பிளக் ஆகியவற்றின் நிலையும் தேதியிட்ட படங்களும். வாசல் கதவின் கீழ்ப்பகுதியையும், சமையலறைக் கூரையையும், தரை இடுக்குகளையும் நெருக்கமாகப் படம் எடுப்பது அவசியம். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இரண்டாவது இணைப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்புக்கொண்ட ஆயுள். சுவர் வண்ணத்துக்கு நான்கு ஆண்டு, கதவு பாலிஷுக்கும் கொசுவலைக்கும் ஐந்து ஆண்டு என்று இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டதாகக் கொள்வோம். புதிதாக இருந்த பொருள் கெட்டால், பழுதுச் செலவில் எஞ்சிய ஆயுளுக்கான பங்கை மட்டும் வாடகைதாரர் தருவார். பழைய வண்ணத்துக்குப் பதிலாகப் புது வண்ணத்தை இலவசமாகப் பெறும் நிலை உரிமையாளருக்கு வராது. இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பணம் கட்டும் நிலையும் வராது.

வளசரவாக்கக் குடும்பம் இரண்டு ஆண்டு கழித்துக் காலி செய்கிறது. குடிபுகும்போது எல்லாமே புதிது. சமையலறைக் கூரையில் எண்ணெய்ப் படலம். மீண்டும் வண்ணம் அடிக்க 8,000 ரூபாய். நான்கில் இரண்டு ஆண்டு எஞ்சியதால் வாடகைதாரர் பங்கு 4,000. கிழிந்த கொசுவலைக் கதவுக்கு 3,000. ஐந்தில் மூன்று ஆண்டு எஞ்சியதால் 1,800. வாசல் கதவைத் தேய்த்துப் பாலிஷ் போட 2,500. அதே கணக்கில் 1,500. தொட்டிக் குழாயில் வெண்ணெய் அடைப்பு நீக்க 1,200. இதில் ஆயுள் கணக்கு இல்லை, முழுவதும் வாடகைதாரருடையது. கூடத்துச் சுவரின் வெளிறிய வண்ணம் வெயிலாலும் காலத்தாலும் ஆனது. அது உரிமையாளர் கணக்கு. மொத்தக் கழிவு 8,500. ரசீதுகளோடு அதைக் காட்டி, 51,500 ரூபாயை ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் திருப்பித் தருகிறார்.

“செல்லப்பிராணிக் கட்டணம், திருப்பித் தரப்படாது” என்று தனியாக ஒரு தொகை வாங்கும் வழக்கத்தைவிட இது தெளிவானது. திரும்பாத கட்டணத்தைக் கொடுத்தவருக்கு, சேதத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம் என்ற எண்ணம் வரும். திரும்பும் முன்பணம் கதவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்.

மீறினால் எடுக்கும் படிகள்

கடைசி விதி, மீறலை எப்படிக் கையாள்வது என்பது. உரிமையாளர் திடீரென்று உள்ளே வந்து பார்க்க முடியாது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வையிடுவது என்று ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொண்டால் மனக்கசப்பு குறையும். மீறல் தெரிந்தால் எந்த விதி, எந்த நாள், என்ன ஆதாரம் என்று குறித்து, 15 நாளுக்குள் சரிசெய்யும்படி கடிதம் தர வேண்டும். சரிசெய்யாவிட்டால் அந்த அனுமதி மட்டும் ரத்தாகும்: கேக் தொழில் நிற்கும், குடித்தனம் தொடரும். அதையும் மீறித் தொடர்ந்தால்தான் தவறான பயன்பாடு என்று வாடகை அதிகார அமைப்பை அணுகுவது. வாடகை வாங்குவதால் மீறலை ஏற்றுக்கொண்டதாகாது என்ற வரியையும் இங்கே சேர்க்க வேண்டும். கடிதத்தைக் காலம் தாழ்த்தாமல் கொடுத்தால்தான் அந்த வரிக்கு வலு இருக்கும்.

நாயின் அனுமதியை ரத்து செய்ய மட்டும் கூடுதல் அவகாசம் தருவது முறை. வேறு இடம் தேட 30 நாளாவது வேண்டும். அவசரத்தில் நாயைத் தெருவில் விட்டுவிட்டால், அதுவும் விலங்குவதைச் சட்டப்படி குற்றமாகும். கடித்த சம்பவம் நடந்தால், நாயை வெளியே அழைத்துச் செல்லும்போது வாய்க்கூடு கட்டாயம் என்று உடனே நடைமுறைக்கு வரும் தனி வரி ஒன்று இருக்கலாம்.

வாடகைக் காலத்தின் நடுவில் நாய் வந்தாலோ தொழில் தொடங்கினாலோ இதே விதிகளைத் துணை ஒப்பந்தமாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, மூல ஒப்பந்தத்தோடு இணைக்கலாம். அன்றைய தேதியில் புதிய படங்களும் எடுக்க வேண்டும். அதற்கு முன் இருந்த கீறல்கள் நாயின் கணக்கில் சேராமல் இருக்க அதுவே சான்று.